‘போகணும்’ல இருந்து ‘ணும்’ மட்டும் முன்னாடி போனா ஜெர்மன்

(எபிசோடில் வந்த ஜெர்மன் வாக்கியங்களைக் காதில் விழுகிற மாதிரியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம்.)

போன வாரம் மேலூர்ல இருந்து ஒரு தங்கச்சி தன்னோட ஏ1 பயிற்சித் தாளை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாங்க. நர்சிங் முடிச்சிட்டு ஜெர்மன் படிக்கிறாங்க. வார்த்தை எல்லாம் தெரியுது. ஆனா ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ பகுதியில மட்டும் வரிசையா சிவப்பு மை.

கேள்வி இதுதான்: ‘இஷ் ____ ஹொய்ட நாஹ் மதுரை ____.’ அடைப்புக்குள்ள ரெண்டு வினை: முஸன், ஃபாரன். ‘நான் இன்னைக்கு மதுரைக்குப் போகணும்’னு வரணும். அவங்க முதல் கோட்டுலயே ‘முஸ் ஃபாரன்’னு ரெண்டையும் சேர்த்து எழுதிட்டு, கடைசிக் கோட்டை காலியா விட்டிருந்தாங்க.

இந்தத் தப்பு எங்க இருந்து வருது? தமிழ்ல இருந்து இல்ல, இங்கிலீஷ்ல இருந்து. ‘ஐ மஸ்ட் கோ’ன்னு ரெண்டு வினையும் ஒட்டியே வந்து பழகிட்டோம். ஜெர்மன் படிக்கும்போது மனசு தானா அங்கதான் ஓடுது.

இப்போ தமிழைப் பாருங்க. ‘நான் இன்னைக்கு மதுரைக்குப் போக வேணும்.’ ‘போக’ன்னா செயல். அது ஆளுக்கு ஏத்த மாதிரி மாறாது. ஜெர்மன்ல ‘ஃபாரன்’ செய்யிறதும் அதே வேலைதான், அகராதியில இருக்கிற வடிவத்துலயே நிக்கும். அதனால தமிழ் வாக்கியத்தை அப்படியே வச்சுக்கிட்டு, கடைசியில இருக்கிற ‘வேணும்’ ஒண்ணை மட்டும் பிடுங்கி ரெண்டாவது இடத்துல நடுங்க. ‘நான் வேணும் இன்னைக்கு மதுரைக்குப் போக.’ தமிழ்ல கேட்க கொடுமையாத்தான் இருக்கு. ஆனா ஜெர்மன்ல இதுதான் சரி: ‘இஷ் முஸ் ஹொய்ட நாஹ் மதுரை ஃபாரன்.’

ரெண்டாவது இடம்னா ரெண்டாவது வார்த்தைன்னு நினைச்சுடாதீங்க. ‘மைன ஷ்வெஸ்டர்’, அதாவது ‘என் அக்கா’, ரெண்டு வார்த்தை. ஆனா இடம் ஒண்ணுதான். அதுக்கு அப்புறம்தான் ‘முஸ்’ வரும். ‘இன்னைக்கு’ன்னு ஆரம்பிச்சா ‘ஹொய்ட’ முதல் இடத்தைப் பிடிச்சுக்கும், ‘முஸ்’ தன் இடத்துலயே நிக்கும், ‘இஷ்’ அதுக்குப் பின்னாடி போயிடும்: ‘ஹொய்ட முஸ் இஷ் நாஹ் மதுரை ஃபாரன்.’ முதல் கோடு ‘இஷ்’க்கு முன்னாடி வந்திருந்தா கேள்வி தப்பா அச்சாயிடுச்சுன்னு பயப்பட வேண்டாம்.

தமிழ் நம்மளைக் கைவிடுற இடம் முதல் கோடுதான். நான் போகணும், நீ போகணும், நாங்க போகணும். யாரா இருந்தாலும் நம்ம ‘ணும்’ மாறாது. ஜெர்மன்ல மாறும்: இஷ் முஸ், டூ முஸ்ட், வியர் முஸன். ‘அவன்’னு வர்றப்ப இன்னொரு பொறி இருக்கு. சாதாரண வினையில ‘எர்’ வந்தா கடைசியில ‘ட்’ சத்தம் வரும், ‘எர் ஃபேர்ட்’ மாதிரி. அந்தப் பழக்கத்துல ‘எர் முஸ்ட்’னு எழுதுறவங்க நிறைய. மோடல் வினையில ‘நான்’, ‘அவன்’ ரெண்டுக்கும் ஒரே வடிவம்: இஷ் முஸ், எர் முஸ், இஷ் கான், எர் கான். எழுதி முடிச்சதும் கடைசி வார்த்தையை மட்டும் வாய்விட்டுப் படிங்க. ‘எர் முஸ் நாஹ் மதுரை ஃபேர்ட்’னு ‘ட்’ல முடிஞ்சா ரெண்டு வினையையும் மாத்திட்டீங்கன்னு அர்த்தம். மாறுறது ஒண்ணுதான், கடைசியில ‘ஃபாரன்’, ‘லெர்னன்’னு ‘ன்’ சத்தம் கேட்கணும்.

சில வாக்கியத்துல ரெண்டாவது கோடே இருக்காது. ஜிகர்தண்டா கடையில நின்னு ‘இஷ் மோஷ்ட ஐன் ஜிகர்தண்டா’ன்னா போதும், ‘குடிக்க’ன்னு சொல்லத் தேவையில்ல. நாமளும் ‘எனக்கு ஒரு ஜிகர்தண்டா வேணும்’னுதானே கேட்கிறோம்.

அந்தத் தங்கச்சியோட தாள்ல கடைசிக் கேள்வி கொஞ்சம் மேல்படி. ‘நான் வரல, ஏன்னா…’ன்னு ஆரம்பிக்குது. ‘ஏன்னா’வுக்கு ‘வைல்’. அது வந்துட்டா ‘முஸ்’ ரெண்டாவது இடத்தை விட்டுட்டு வாக்கியத்தோட கோடிக்கே போயிடும்: ‘வைல் இஷ் ஹொய்ட நாஹ் மதுரை ஃபாரன் முஸ்.’ வார்த்தைக்கு வார்த்தை வச்சுப் பாருங்க: நான், இன்னைக்கு, மதுரைக்கு, போக, வேணும். அச்சு அசல் நம்ம வரிசை. வகுப்புல எல்லாரும் பயப்படுற ‘வைல்’ வாக்கியத்துலதான் பிடுங்கவும் வேண்டாம், நடவும் வேண்டாம். அந்த ஒரு கேள்வியை மட்டும் அவங்க யோசிக்காமலே சரியா எழுதியிருந்தாங்க.

இந்த வாரத்துக்கு ஒண்ணு: ‘மோர்கன் ____ வியர் இன் மேலூர் ____.’ வினைகள் வோலன், ஆர்பைட்டன். ‘நாளைக்கு நாங்க மேலூர்ல வேலை பார்க்க விரும்புறோம்.’ எழுதிட்டு, கடைசி வார்த்தையைச் சத்தமா படிச்சுப் பாருங்க.