ஸ்வீப்-இன் லாபமா? பாஸ்புக்கைக் கேளுங்கள்

சேமிப்புக் கணக்கில் சும்மா கிடக்கும் பணத்துக்கு எஃப்.டி. வட்டி தருகிறோம் என்று வங்கிகள் சொல்லும் திட்டத்துக்கு ஆட்டோ ஸ்வீப், ஸ்வீப்-இன், ஃப்ளெக்ஸி டெபாசிட் என்று பல பெயர்கள் உண்டு. ஏற்பாடு எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். இருப்பு ஒரு வரம்பைத் தாண்டினால், தாண்டிய தொகை தானாகவே டெபாசிட்டாகப் போய்விடும். கணக்கில் பணம் போதாமல் போனால் அந்த டெபாசிட் தானாகவே உடைந்து திரும்பி வரும். நாம் படிவம் எதுவும் நிரப்ப வேண்டியதில்லை.

விளம்பரத் தாளில் 6.25 சதவீதம் என்று போட்டிருப்பதைப் பார்த்ததும், நம் சராசரி இருப்பை அதால் பெருக்கிப் பார்க்கத் தோன்றும். அங்கேதான் கணக்கு பிசகுகிறது. அந்த 6.25 ஒரு வருடம் அசையாமல் கிடக்கும் பணத்துக்கான வட்டி. இடையில் உடைந்த பணத்துக்கு, அது எத்தனை நாள் கிடந்ததோ அந்தக் காலத்துக்குரிய வட்டிதான் கிடைக்கும். பெரும்பாலும் அதிலும் அரை சதவீதமாவது அபராதமாகக் கழியும். ஏழு நாள்கூட நிற்காத பணத்துக்குப் பொதுவாக வட்டியே கிடையாது. சாதாரண சேமிப்புக் கணக்கோ 2010 ஏப்ரலிலிருந்து ஒவ்வொரு நாள் இருப்புக்கும் வட்டி கணக்கிடுகிறது. மூன்று நாள் தங்கிய பணத்துக்கும் அங்கே ஏதோ சில்லறை விழும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது எவ்வளவு பணம் இருந்தது என்பதை அல்ல. எந்தப் பணம் எத்தனை நாள் தொடர்ந்து தங்கியது என்பதைத்தான் கேட்க வேண்டும். அதற்கு விடை பாஸ்புக்கில் இருக்கிறது.

ஒரு மாதச் சம்பளக்காரரின் கணக்கை எடுத்துக்கொள்வோம். மாதக் கடைசியில் இருப்பு 1,20,000 ரூபாய். ஒன்றாம் தேதி 70,000 சம்பளம் ஏறி 1,90,000 ஆகிறது. ஐந்தாம் தேதி வீட்டுக் கடன் தவணைக்கு 30,000, பத்தாம் தேதி கிரெடிட் கார்டுக்கு 20,000, இருபதாம் தேதி மற்றச் செலவுகளுக்கு 20,000 போகிறது. மறுபடியும் 1,20,000. மாதாமாதம் இதே கதை. ஸ்வீப் வரம்பு 50,000 என்று வைப்போம். சேமிப்பு வட்டி 2.5 சதவீதம். டெபாசிட் வட்டி 7 முதல் 45 நாளுக்கு 3, 46 நாளிலிருந்து ஆறு மாதம் வரை 5, ஒரு வருடத்துக்கு 6.25. முன்கூட்டியே உடைத்தால் அபராதம் அரை சதவீதம். இவை உதாரணத்துக்காக வைத்த எண்கள். உங்கள் வங்கியின் விகிதங்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது வரம்புக்கு மேலுள்ள பணத்தைப் படுக்கைவாட்டில் அடுக்குகளாக வெட்டுங்கள். அடியில் 70,000 ரூபாய் அடுக்கு. வருடம் முழுக்க யாரும் அதைத் தொடவில்லை. அதன்மேல் 20,000, ஆயுள் 19 நாள். அதற்கும் மேல் இன்னொரு 20,000, ஆயுள் 9 நாள். உச்சியில் 30,000, நான்கே நாளில் கரைந்துவிடுகிறது.

அடி அடுக்குக்குச் சேமிப்புக் கணக்கில் வருடத்துக்கு 1,750 ரூபாய் வட்டி, ஸ்வீப்பில் 4,375. வித்தியாசம் 2,625. நடுவிலுள்ள இரண்டு அடுக்குகளுக்கும் 3 சதவீதத்தில் அரை போனால் 2.5, அதாவது சேமிப்பு வட்டியேதான். உச்சி அடுக்குக்கு வட்டியே இல்லை. சேமிப்புக் கணக்கில் அது மாதம் எட்டு ரூபாய் சொச்சம் ஈட்டியிருக்கும். வருடத்துக்குச் சுமார் 99 ரூபாய் நஷ்டம். கழித்துப் பார்த்தால் நிகர லாபம் ஏறக்குறைய 2,526 ரூபாய். அவருடைய சராசரி இருப்பு 1,42,667. வரம்புக்கு மேலுள்ள சராசரி முழுவதற்கும் 6.25 என்று போட்டிருந்தால் 3,475 ரூபாய் லாபம் என்று காகிதம் சொல்லியிருக்கும்.

சராசரி எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு இன்னொரு கணக்கு. 80 வீடுகள் கொண்ட, பதிவு பெற்ற குடியிருப்போர் சங்கம் ஒன்று. வீட்டுக்கு 3,000 பராமரிப்புக் கட்டணம். மாதம் முழுக்கச் சொட்டுச் சொட்டாக, நாளைக்குச் சராசரி 8,000 வருகிறது. 30-ஆம் தேதி காவலாளி சம்பளம், லிஃப்ட், டீசல் என்று 2,40,000 மொத்தமாக வெளியேறி இருப்பு 27,000-க்கு விழுகிறது. சராசரி இருப்பு 1,43,000. சம்பளக்காரருடையதுக்குக் கிட்டத்தட்ட சமம். ஆனால் இங்கே வரம்பைத் தாண்டிய எந்த ரூபாயும் ஒரு மாதம்கூட நிற்பதில்லை. பெரும்பகுதிக்கு அதே 2.5 சதவீதம்தான். கடைசி ஆறு நாளில் வந்த வசூலுக்கு ஒன்றுமே இல்லை. இந்தச் சங்கம் ஸ்வீப் போட்டால் வருடத்துக்கு 138 ரூபாய் இழக்கும். பெரிய தொகை இல்லைதான். ஆனால் கூடுதல் வட்டி என்று சொல்லி விற்ற திட்டத்தில் இழப்பது!

சம்பளக்காரரின் லாபத்தில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. பணம் தேவைப்படும்போது வங்கி எந்த டெபாசிட்டை முதலில் உடைக்கிறது? கடைசியாகப் போட்டதை முதலில் உடைத்தால்தான் அந்த 70,000 வருடம் முழுக்கப் பிழைக்கும். பழையதை முதலில் உடைக்கும் முறையாக இருந்தால், ஐந்தாம் தேதித் தவணைக்குப் போன மாத டெபாசிட் 34 நாள் வயதில் உடைகிறது. பத்தாம் தேதிக்கு 39 நாள், இருபதாம் தேதிக்கு 49 நாள். எந்த டெபாசிட்டும் இரண்டு மாதம் பார்ப்பதில்லை. 49 நாள் நின்ற 20,000-க்கு மட்டும் அபராதம் போக 4.5 சதவீதம் கிடைக்கும். வருட லாபம் 2,526-லிருந்து சுமார் 640-க்கு இறங்கிவிடுகிறது. பணம் அதே, வங்கி அதே, செலவும் அதே. உடைக்கும் வரிசை மட்டும்தான் வேறு. கிளையில் வட்டி விகிதத்தைக் கேட்பவர்கள் நிறையப் பேர். வரிசையைக் கேட்பவர்கள் அபூர்வம்.

வரி விஷயம் சுருக்கமாக. பழைய வரிமுறையில் இருக்கும் 60 வயதுக்குட்பட்டவருக்குச் சேமிப்புக் கணக்கு வட்டியில் 10,000 வரை கழிவு உண்டு. டெபாசிட் வட்டிக்கு அது கிடையாது. ஸ்வீப்பில் வருவது டெபாசிட் வட்டி. 20 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு மேற்படி 2,526 ரூபாய் ஏறக்குறைய 1,520 ஆகிவிடும். 30 சதவீதத்தில் ஆயிரத்துச் சொச்சம். புதிய வரிமுறையில் இரண்டு வட்டிக்கும் ஒரே வரி என்பதால் இந்தச் சிக்கல் இல்லை. மூத்த குடிமக்களுக்குப் பழைய முறையிலுள்ள 50,000 ரூபாய் கழிவு டெபாசிட்டுக்கும் சேர்த்துத்தான்.

உங்கள் கணக்கை அளக்க, பன்னிரண்டு மாத ஸ்டேட்மென்ட்டை எடுத்து ஒவ்வொரு மாதத்திலும் இருப்பு இறங்கிய அடிமட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டிலும் சிறியதிலிருந்து வரம்பைக் கழித்தால் வருவதுதான் முழு வருட வட்டி காணும் தொகை. கழித்தால் ஒன்றும் மிஞ்சாவிட்டால், அடுத்தடுத்த இரண்டு மூன்று மாதங்களுக்காவது அடிமட்டம் வரம்புக்கு மேலே நிற்கிறதா என்று பாருங்கள். மூன்று மாத ஸ்டேட்மென்ட்டை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்; ஜூன் மாதப் பள்ளிக் கட்டணமும் காப்பீட்டுத் தவணையும் அதில் தெரியாது. ஜனவரியில் போன 70,000-இல் 60,000 ஜூன் ஒன்றாம் தேதி உடைந்தால், கிடந்த 151 நாளுக்கு 6.25 அல்ல, 4.5 தான். சேமிப்பு வட்டியை விட அது மேல்தான், என்றாலும் 434 ரூபாய் குறையும்.

அடிமட்டம் தெரிந்துவிட்டால் ஸ்வீப் அவசியமா என்றே கேட்கத் தோன்றுகிறது. அந்தச் சம்பளக்காரரின் இருப்பு 1,20,000-க்குக் கீழே இறங்கியதே இல்லை. 20,000-ஐக் கணக்கில் விட்டுவிட்டு ஒரு லட்சத்தைக் கையாலேயே ஒரு வருட எஃப்.டி. போட்டால் சேமிப்பு வட்டிக்கு மேல் 3,750 ரூபாய் கூடுதல். ஸ்வீப் வரம்புக்குக் கீழே முடங்கும் பணத்தில் 30,000-க்கும் வட்டி கிடைக்கிறது, உச்சி அடுக்கின் நஷ்டமும் இல்லை. அடிமட்டம் மாதத்துக்கு மாதம் மாறி, அவசரத்துக்கு எப்போது எவ்வளவு தேவைப்படும் என்று சொல்ல முடியாதவருக்குத்தான் ஸ்வீப்பின் தானியங்கி வசதி காசு பெறும்.