கதவைப் பிடித்துக்கொள்ளும் மருந்துகள்

மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களில் பலருக்கு இதயம் இடையிடையே ஒரு துடிப்பை முந்தி அடிக்கும். அப்படிப்பட்டவர்கள் திடீரென்று இறந்துபோகும் வாய்ப்பு கூடுதல் என்பது 1980-களில் மருத்துவர்களுக்குத் தெரிந்திருந்தது. முந்தி வரும் துடிப்புகளை அடக்கினால் சாவும் குறையும் என்று நினைத்தார்கள். அதற்கு என்கெய்னைடு, ஃப்ளெகெய்னைடு என்ற நல்ல மாத்திரைகளும் கையில் இருந்தன.

இதைச் சோதிக்க அமெரிக்காவில் 'காஸ்ட்' என்ற ஆய்வு நடந்தது. மாத்திரை கொடுத்துப் பார்த்து, யாருக்கு அந்தத் துடிப்புகள் அடங்கினவோ அவர்களை மட்டுமே ஆய்வில் சேர்த்தார்கள். சேர்ந்தவர்களில் ஒரு பாதிக்கு அதே மருந்து, மறுபாதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. சராசரியாகப் பத்து மாதம் போனபோது, இந்த இரண்டு மருந்துகளையும் எடுத்த 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்த 743 பேரில் இறந்தவர்கள் 26 பேர். 1989-இல் ஆய்வின் அந்தப் பகுதியை நிறுத்திவிட்டார்கள். மருந்து செய்வதாகச் சொன்னதைச் செய்தது, ஈ.சி.ஜி. அழகாக இருந்தது, ஆள்தான் இல்லை.

ஏன் இப்படி ஆனது என்று புரிய, இதயத் தசைச் செல் ஒன்று ஒரு துடிப்பின்போது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். ஓய்வில் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட சுமார் 90 மில்லிவோல்ட் எதிர்மின்னோட்டு நிலையில் இருக்கும். பக்கத்துச் செல்லிலிருந்து தூண்டல் வந்ததும் செல்சவ்வில் உள்ள சோடியம் வாயில்கள் படாரென்று திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய, ஒன்றிரண்டு மில்லிவினாடிக்குள் மின்னழுத்தம் செங்குத்தாக மேலேறுகிறது. இந்த ஏற்றம் எவ்வளவு செங்குத்தோ அவ்வளவு வேகமாக அடுத்த செல்லுக்குச் செய்தி போகும். பிறகு கால்சியம் மெதுவாக உள்ளே வருகிறது, பொட்டாசியம் வெளியே போகிறது. இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்கும்வரை மின்னழுத்தம் மேட்டுநிலம்போல் நிற்கிறது. தசை சுருங்குவது இந்தக் கால்சியத்தால்தான். கடைசியில் பொட்டாசியத்தின் வெளியேற்றம் மேலோங்க, செல் பழைய ஓய்வு நிலைக்கு இறங்குகிறது. எல்லாம் சேர்ந்து சுமார் 0.3 வினாடி. இறங்கி முடிக்கும்வரை அந்தச் செல் அடுத்த தூண்டலை ஏற்காது. துடிப்பு ஒழுங்காக இருப்பதற்கு இந்த 'ஏற்காத நேரம்' பெரிய காவல்.

இதயத்தின் துடிப்பைத் தொடங்கிவைக்கும் கணு, மேலறையிலிருந்து கீழறைக்குச் செய்தியைக் கடத்தும் கணு ஆகிய இரண்டிலும் கதை கொஞ்சம் வேறு. அங்கே ஏற்றத்தைத் தருவது சோடியம் அல்ல, கால்சியம்.

ஆக்ஸ்ஃபோர்டில் மைல்ஸ் வான் வில்லியம்ஸ், 1970-இல் துடிப்பு மருந்துகளை இந்த வரைபடத்தை வைத்தே பிரித்தார். சோடியம் வாயிலை அடைப்பவை முதல் வகுப்பு. அட்ரினலினின் தூண்டலைத் தடுக்கும் பீட்டா பிளாக்கர்கள் இரண்டாவது. இறக்கத்தைத் தள்ளிப்போட்டு ஏற்காத நேரத்தை நீட்டுபவை மூன்றாவது. இவை பெரும்பாலும் பொட்டாசியம் வாயிலை அடைப்பவை. சற்றுப் பின்னால் சேர்ந்த நான்காவது வகுப்பு, வெரபமில், டில்டியாசெம் போன்ற கால்சியம் அடைப்பான்கள்.

முதல் வகுப்பைப் பிறகு மூன்றாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. எல்லாமே சோடியம் வாயிலைத்தான் பிடிக்கின்றன. எவ்வளவு நேரம் பிடித்துக்கொள்கின்றன என்பதில்தான் வேறுபாடு. நிமிடத்துக்கு 72 துடிக்கும் இதயத்தில் இரண்டு துடிப்புக்கு இடையே சுமார் 0.8 வினாடி. லிக்னோகெய்ன் ஒரு வினாடிக்கும் குறைவான நேரத்தில் கையை எடுத்துவிடும். அடுத்த துடிப்பு வருவதற்குள் பெரும்பாலான வாயில்கள் விடுபட்டிருப்பதால் ஆரோக்கியமான தசையில் அதன் தாக்கம் சொற்பம். மாரடைப்பில் அடிபட்ட தசையில் வாயில்கள் மூடிய நிலையிலேயே அதிகம் கிடப்பதால் அங்கே நன்றாகப் பிடிக்கும். குவினிடின் சில வினாடிகள் பிடிக்கும். கூடவே பொட்டாசியத்தையும் தடுத்து மின்னழுத்தத்தின் நீளத்தைக் கூட்டும். ஃப்ளெகெய்னைடோ பத்து வினாடிக்கும் மேல் விடாது. ஒரு துடிப்பில் பிடித்ததை விடுவதற்குள் அடுத்த துடிப்பு, அதற்கடுத்தது என்று அடைப்பு சேர்ந்துகொண்டே போகும். இதயம் எவ்வளவு வேகமாக அடிக்கிறதோ அவ்வளவு அடைப்பு.

இப்போது 'காஸ்ட்' நோயாளியின் இதயத்துக்கு வருவோம். மாரடைப்பில் செத்த தசை தழும்பாகியிருக்கும். தழும்புக்குள் உயிரோடு மிஞ்சிய சில இழைகள் ஊடாடும். அவற்றில் மின்னோட்டம் ஏற்கெனவே தட்டுத்தடுமாறித்தான் போகிறது. ஃப்ளெகெய்னைடு அதை இன்னும் மெதுவாக்குகிறது. ஆனால் ஏற்காத நேரத்தை அது அவ்வளவாக நீட்டுவதில்லை. நெளிந்து நெளிந்து தழும்பைச் சுற்றி மின்னலை வெளியே வரும்போது, முன்பு துடித்த தசை மறுபடி தயாராகிவிட்டிருக்கும். அலை அதையே தூண்டும், மீண்டும் தழும்புக்குள் நுழையும், சுற்றிக்கொண்டே இருக்கும். ரத்த ஓட்டம் குறைந்து தசை திணறும் வேளையிலோ நாடி வேகமெடுக்கும் வேளையிலோ இந்தச் சுழல் எளிதில் பற்றிக்கொள்ளும். முந்தும் துடிப்பு என்ற பொறியை மருந்து அணைத்தது உண்மைதான். சுழல் ஓடுவதற்கான பாதையையும் அதுவே போட்டுக் கொடுத்தது.

அதற்காக ஃப்ளெகெய்னைடு ஒழிந்துவிடவில்லை. தழும்போ வீக்கமோ இல்லாத இதயத்தில் மேலறைகள் தாறுமாறாக நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு இன்றும் அது நல்ல மருந்து. அங்கும் ஒரு பொறி உண்டு. சில நேரம் நடுக்கம் அடங்கி, மேலறை நிமிடத்துக்கு 300 முறை சீராகச் சுழலும் ஃபிளட்டராக மாறும். நடுக்கணு அவ்வளவையும் கடத்த முடியாமல் ஒன்றுவிட்டு ஒன்றாக அனுப்பும், நாடி 150. ஃப்ளெகெய்னைடு அந்தச் சுழற்சியை 200-க்குக் குறைத்துவிட்டால்? இப்போது கணுவால் ஒவ்வொன்றையும் கடத்த முடிகிறது. நோயாளியின் நாடி 150-லிருந்து 200-க்குத் தாவும். அதனால்தான் இதோடு பீட்டா பிளாக்கரோ கால்சியம் அடைப்பானோ சேர்த்துத் தருகிறார்கள். அவை கணுவின் கதவை ஒருக்களித்து வைக்கும். மருந்து மிஞ்சுவதை ஈ.சி.ஜி.யே காட்டிக்கொடுக்கும்: கீழறைத் துடிப்பைக் குறிக்கும் கியூ.ஆர்.எஸ். கோடு அகலமாகும். உடற்பயிற்சியின்போது அது கால் பங்கு அகன்றாலே எச்சரிக்கை.

'காஸ்ட்' தந்த அதிர்ச்சியில் மருத்துவ உலகம் மூன்றாம் வகுப்பின் பக்கம் திரும்பியது. சோட்டலால் போன்றவை பொட்டாசியம் வாயிலை அடைத்து ஏற்காத நேரத்தை நீட்டுவதால் சுழலும் அலைக்கு இடமில்லாமல் போகிறது. ஆனால் இவற்றின் ஆபத்து நேரெதிர்த் திசையில் இருக்கிறது: நாடி மெதுவாகும்போதுதான் இவற்றின் நீட்டல் அதிகமாகிறது. இறக்கம் அளவுமீறித் தாமதமானால் மேட்டுநிலத்திலேயே கால்சியம் வாயில்கள் மறுபடி திறந்து புதுத் துடிப்பு கிளம்பும். அது 'டோர்சாட் த பாயின்ட்ஸ்' என்ற, ஈ.சி.ஜி. கோடு முறுக்கிக்கொண்டு போகும் உயிராபத்தான துடிப்பாக முடியலாம். இங்கே கவனிக்க வேண்டியது கியூ.டி. இடைவெளி; திருத்திய கணக்கில் அது 500 மில்லிவினாடியைத் தாண்டினால் மருந்தைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும்.

அமியோடரோன் இந்த வகுப்பில் வைக்கப்பட்டாலும் நான்கு வகுப்பின் வேலையையும் கொஞ்சம் கொஞ்சம் செய்கிறது. கியூ.டி.யை நீட்டினாலும் அந்த முறுக்குத் துடிப்பை அரிதாகவே உண்டாக்கும். தழும்புள்ள இதயத்துக்கும் கொடுக்கலாம் என்பதால் மருத்துவர்கள் அதை அடிக்கடி நாடுகிறார்கள். விலையை மற்ற உறுப்புகள் கொடுக்கின்றன: எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அயோடின் என்பதால் தைராய்டு கெடலாம், நுரையீரலும் ஈரலும் பாதிக்கப்படலாம். நிறுத்தினாலும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், உடலில் தங்கியிருக்கும்.

சோட்டலால் எடுப்பவருக்குப் பேதியாகிப் பொட்டாசியம் குறைந்தாலும், சிறுநீரகம் தளர்ந்து மருந்து வெளியேறாமல் தேங்கினாலும், சளிக்காய்ச்சலுக்கென்று யாரோ கிளாரித்ரோமைசின் எழுதிக் கொடுத்தாலும் கியூ.டி. ஒரே வாரத்தில் நீண்டுவிடக்கூடும். அந்த ஆன்டிபயாட்டிக்கும் அதே பொட்டாசியம் வாயிலைத்தான் அடைக்கிறது. எந்த மருத்துவரிடம் போனாலும் துடிப்பு மாத்திரையின் பெயரை முதலில் சொல்லிவிடுவது இதனால்தான்.