செக்யூர் பூட் கேட்கும் விளையாட்டுகளும் பழைய கணினிகளும்

2025 அக்டோபரில் வெளிவந்த பேட்டில்ஃபீல்ட் 6, கணினியில் செக்யூர் பூட் இயங்காவிட்டால் திறக்காது. விண்டோஸ் 11இல் வாலரன்ட் விளையாடவும் இதே நிபந்தனை உண்டு.

இத்தகைய விளையாட்டுகளுடன் வரும் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள், விண்டோஸின் அடித்தளமான கெர்னலில் இயங்குகிறது. சுவருக்கு அப்பால் இருப்பவரைக் காட்டும் திருட்டு மென்பொருள்களும் அதே தளத்துக்கு இறங்கிவிட்டதே காரணம். அங்கே முதலில் ஏறியவர் கை ஓங்கும். விண்டோஸுக்கு முன்பே நுழைந்துவிட்ட திருட்டு மென்பொருள், தடுப்பு மென்பொருளின் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளும். செக்யூர் பூட் இந்த வழியை அடைக்கிறது: கணினி கிளம்பும்போதே ஒவ்வொரு நிரலின் மின்னணுக் கையொப்பத்தையும் சரிபார்த்து, செல்லாததை நிறுத்திவிடுகிறது. எல்லா ஏமாற்றும் இதனால் ஒழிந்துவிடாது. ஏமாற்றுவது கடினமாகும், அவ்வளவுதான்.

இந்த வசதி விண்டோஸ் 8 வந்த 2012 வாக்கில்தான் பரவலானது. அதற்கு முந்தைய, பழைய பயாஸ் மட்டுமே கொண்ட மதர்போர்டுகளில் இதைச் சேர்க்க வழியில்லை. ஆனால் வசதி இருந்தும் தோற்கும் கணினிகள் ஏராளம். விண்டோஸ் 7 போட்டு வாங்கி, பிறகு விண்டோஸ் 10க்கு மாற்றிய கணினி இதற்கு நல்ல உதாரணம். மதர்போர்டில் யூஇஎஃப்ஐ இருக்கும். வட்டு மட்டும் எம்பிஆர் என்ற பழைய முறையிலேயே கிடக்கும். msinfo32 என்று தட்டிப் பார்த்தால் BIOS Mode என்பதற்கு நேரே Legacy என்று தெரியும்.

இங்கே அவசரப்பட்டு பயாஸ் அமைப்பில் CSM-ஐ அணைத்தால் விண்டோஸ் கிளம்பாது. முக்கியக் கோப்புகளை நகலெடுத்துக்கொண்டு, முதலில் வட்டை ஜிபிடி முறைக்கு மாற்ற வேண்டும். நிர்வாகி உரிமையுடன் திறந்த கட்டளைச் சாளரத்தில் இந்த இரண்டு வரிகள் போதும்:

```
mbr2gpt /validate /allowFullOS
mbr2gpt /convert /allowFullOS
```

வட்டில் மூன்றுக்கு மேல் முதன்மைப் பகுதிகள் இருந்தால் முதல் கட்டளையே மறுத்துவிடும். மாற்றம் முடிந்த பிறகே CSM-ஐ அணைத்து, செக்யூர் பூட்டை இயக்க வேண்டும். அப்போது திரை இருண்டே நின்றால் சந்தேகம் கிராஃபிக்ஸ் கார்டின் மேல் விழ வேண்டும். 2012ஐ ஒட்டி வந்த சில கார்டுகளின் ஃபர்ம்வேரில் யூஇஎஃப்ஐ ஆதரவு இல்லை. இயக்கிய பின்னும் msinfo32-இல் Secure Boot State என்பது Off என்றே இருந்தால், பெரும்பாலும் சாவிகள் ஏற்றப்படவில்லை என்று பொருள். பயாஸில் தொழிற்சாலைச் சாவிகளை மீட்கும் தெரிவு அதைச் சரிசெய்யும்.

இதற்கெல்லாம் தப்பினாலும் டிபிஎம் 2.0 பாக்கி நிற்கிறது. பேட்டில்ஃபீல்ட் 6 அதையும் கேட்கிறது. குறைந்தபட்சப் பிராசசராக 2017இல் வந்த கோர் ஐ5-8400ஐக் குறிப்பிடுகிறது. 2012, 2013ஆம் ஆண்டுக் கணினியில் செக்யூர் பூட்டை இயக்க முடிந்தாலும், இந்த ஒரு விளையாட்டுக்காக அதில் பணம் போடுவது வீண்செலவு.