வழுக்கிக்கொண்டே இழுக்கும் எண்ணெய்

அனல்மின் நிலையத்தில் நிலக்கரி ஏற்றிய கன்வேயர் நடுவழியில் நின்றுவிட்டால், அதைச் சுமையோடுதான் மறுபடி கிளப்பியாக வேண்டும். மோட்டார் நேரடியாக கியர்பாக்ஸோடு இணைக்கப்பட்டிருந்தால், சுவிட்சைப் போட்டதும் வழக்கமான முறுக்குவிசையைப் போல் இரண்டு மடங்கு பெல்ட்டின் மேல் பாயும். பெல்ட் ரப்பர், இழுத்தால் நீளும். தலைப்பக்க உருளை சுற்றத் தொடங்கிவிடும், வால்பக்கம் இன்னும் அசைந்திருக்காது. இடையில் இழுவிசை அலையாக ஓடும். பெல்ட்டை விறைப்பாக வைத்திருக்கும் எதிரெடை துள்ளும், உருளையில் பெல்ட் வழுக்கும், நாளடைவில் பெல்ட்டின் ஒட்டு பிளக்கும்.

இந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள மோட்டாருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே வைக்கப்படுவதுதான் ஃப்ளூயிட் கப்ளிங். கப்பல் டர்பைன்களுக்காக ஜெர்மன் பொறியாளர் ஹெர்மன் ஃபாட்டிங்கர் 1905இல் காப்புரிமை பெற்ற கண்டுபிடிப்பிலிருந்து வந்தது இது. உள்ளே எதிரெதிராக இரண்டு சக்கரங்கள், இரண்டிலும் நேரான தகடுகள். மோட்டார் பக்கம் இருப்பது இம்பெல்லர். கியர்பாக்ஸ் பக்கம் இருப்பது ரன்னர். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையில் இருப்பது எண்ணெய் மட்டுமே.

இம்பெல்லர் சுற்றும்போது எண்ணெய் விளிம்பை நோக்கி வீசப்பட்டு, ரன்னரின் தகடுகளில் மோதி அதைத் தள்ளுகிறது. பிறகு மையத்தின் வழியே இம்பெல்லருக்குத் திரும்புகிறது. இந்தச் சுழற்சி நடக்க ரன்னர் கொஞ்சம் பின்தங்கியே ஓட வேண்டும். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றினால் இரு பக்கமும் அழுத்தம் சமமாகிவிடும், எண்ணெய் நகராது, விசையும் கடத்தப்படாது. இந்தப் பின்தங்கலுக்குத்தான் ஸ்லிப் என்று பெயர். ஓட்டத்தில் இது பொதுவாக 2 முதல் 4 சதவீதம். இதில் முறுக்குவிசை குறைவதில்லை; உள்ளே போன அளவே வெளியே வரும். குறைவது வேகம்தான். அந்த வித்தியாசம் எண்ணெயில் வெப்பமாகச் சேரும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 1,485 சுற்று ஓடும் 110 கிலோவாட் மோட்டாரின் முறுக்குவிசை சுமார் 707 நியூட்டன் மீட்டர். நிலக்கரி நிறைந்த பெல்ட்டை ஓட்ட 580 தேவை என்று வைத்துக்கொள்வோம். கப்ளிங் கடத்தும் விசை, வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. மோட்டார் பாதி வேகத்தில் இருக்கும்போது கால் பங்குதான் கடக்கும். அதனால் மோட்டார் ஏறக்குறைய சுமையில்லாமல் சில நொடிகளில் முழு வேகத்தைப் பிடித்துவிடும். தொடக்கத்தில் எகிறும் ஆறு மடங்கு மின்னோட்டத்தை கப்ளிங் குறைக்காது. அது நீடிக்கும் நேரத்தைத்தான் சுருக்கும்.

பெல்ட்டின் முறை பிறகுதான் வரும். தாமத அறை உள்ள கப்ளிங்கில், நிற்கும்போது எண்ணெயில் ஒரு பகுதி தனி அறையில் ஒதுங்கியிருக்கும். சுழலத் தொடங்கியதும் சிறு துளைகள் வழியே மெல்ல வேலை செய்யும் அறைக்கு வரும். அதற்கேற்ப விசையும் படிப்படியாக ஏறும். உச்சம் 140 சதவீதம், அதாவது 990 நியூட்டன் மீட்டர் என்றால், 580 போக மீதி 410தான் பெல்ட்டை முடுக்கும். பாரமான கன்வேயர் ஒன்று 15 நொடியில் வேகத்தைப் பிடிக்கலாம். பெல்ட் அதிராமல் நீண்டு, நிதானமாக நகரும்.

சுமை சிக்கிப் பெல்ட் அசையவே இல்லையென்றால் கதை வேறு. ரன்னர் நிற்கும், மோட்டார் ஓடும். ஸ்லிப் 100 சதவீதம். உச்ச முறுக்குவிசையில் மோட்டார் தரும் ஏறத்தாழ 150 கிலோவாட் முழுதும் வெப்பமாகும். 80 கிலோ அலுமினியமும் 10 கிலோ எண்ணெயும் கொண்ட கப்ளிங்கில் நொடிக்கு ஒன்றரை டிகிரிக்கு மேல் சூடேறும். 60 டிகிரியிலிருந்து 140ஐத் தொட ஒரு நிமிடம்கூட ஆகாது. அப்போது ஃபியூசிபிள் பிளக்கில் உள்ள, குறைந்த வெப்பத்தில் உருகும் உலோகம் கரைந்துவிடும். எண்ணெய் வெளியே பீய்ச்சும், இணைப்பு அறுந்துவிடும். எண்ணெய் தீப்பிடிக்கும் அபாயத்தைத் தவிர்க்க, நிலத்தடிச் சுரங்கங்களில் தண்ணீர் நிரப்பிய கப்ளிங்குகளும் பயன்படுகின்றன.

பிளக் அடிக்கடி போனால் அதைக் குறை சொல்வதற்கு முன், எண்ணெய் அளவைப் பார்க்க வேண்டும். டேக்கோமீட்டர் போதும்: மோட்டார் 1,485இல் ஓட, கியர்பாக்ஸ் உள்ளீட்டுத் தண்டு 1,440 காட்டினால் ஸ்லிப் 3 சதவீதம், சரி. 1,380 காட்டினால் 7 சதவீதம். எண்ணெய் குறைந்திருக்கும், அல்லது சுமை கூடியிருக்கும். எண்ணெய் அளவுக்கு மீறி நிரப்பினால் தொடக்க விசை ஏறி, பழைய அதிர்ச்சி திரும்பிவிடும். அடுத்தடுத்து சுவிட்சைப் போட்டாலும் வெப்பம் ஆற நேரமில்லாமல் ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போகும்.

பிளக் போனதும் அந்தத் துளையில் சாதாரண போல்ட்டை முறுக்கி ஓட்டிவிடுவது ஆபத்தான குறுக்குவழி. அடுத்த முறை சிக்கும்போது சூடேறிய எண்ணெய்க்கு வெளியேற வழி இருக்காது. அழுத்தத்தில் சீல் போகலாம், உறையே வெடிக்கலாம்.