இடுப்புப் பிடிப்புக்கு உடனே ஸ்கேன் வேண்டுமா?

அரிசி மூட்டையைத் தூக்கிய நாற்பது வயதுக்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது. நான்காம் நாள், "எம்.ஆர்.ஐ. எடுத்துடலாமா டாக்டர்?" என்கிறார்.

மருத்துவர் முதலில் கேள்விகள் கேட்கிறார். சிறுநீர் தடையின்றிப் போகிறதா? பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போயிருக்கிறதா? காய்ச்சல், எடைக் குறைவு, முன்பு புற்றுநோய், பலமாகக் கீழே விழுந்தது உண்டா? பிறகு படுக்கவைத்து, நீட்டிய காலை மெல்லத் தூக்குகிறார். கால் கட்டைவிரலைத் தன் கைக்கு எதிராக மேல்நோக்கித் தூக்கச் சொல்கிறார். அதில் பலம் குறைந்தால் நரம்பு அழுந்தியிருக்கலாம்.

இவருக்கு எதுவும் இல்லை. இப்போது ஸ்கேன் எடுத்தால் 'டிஸ்க் பிதுக்கம்' என்று வர நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால், வலியே இல்லாத நாற்பது வயதினரிலும் சுமார் பாதிப்பேருக்கு அந்தப் பிதுக்கம் தெரிகிறது. அது தலைநரை போல வயதோடு வருவது. அதையே வலிக்குக் காரணமாக நினைத்துப் பயந்து முடங்குவதும், தேவையற்ற அறுவை சிகிச்சைக்குப் போவதும்தான் என் கவலை.

பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வலி தணிந்துவிடும். நடமாடுங்கள், படுத்தே கிடக்க வேண்டாம். ஆறு வாரமாகியும் குறையாவிட்டால் ஸ்கேன் பற்றி யோசிக்கலாம். சிறுநீர் அடைத்தாலோ, கால் பலமிழந்தாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்.