சப்டைட்டிலை மறைத்தால் எவ்வளவு ஜெர்மன் மிஞ்சும்?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களைக் குறைத்திருக்கிறோம்.)

போன மாசம் ஜெர்மன் கத்துக்கிறதைப் பற்றிப் பேசினதுக்கு அப்புறம் நிறைய மெயில் வந்தது. நர்சிங் முடிச்சிட்டு ஜெர்மனி போகத் தயாராகிறவங்க, மாஸ்டர்ஸ் படிக்கப் போறவங்க, இப்படி. பாதிப் பேருடைய கேள்வி ஒண்ணுதான்: “தினமும் ஒரு மணி நேரம் ஜெர்மன் வீடியோ பார்க்கிறேன், எல்லாம் புரியுது. ஆனா மாடல் டெஸ்ட்டில் ஹோரன் பகுதியில் மட்டும் அடி வாங்குறேன். ஏன்?”

ஹோரன்னா கேட்டல். கோயத்தே பி1 பரீட்சையில் அந்தப் பகுதி சுமார் 40 நிமிஷம், நாலு பாகம். முதல் பாகத்தையும் கடைசிப் பாகத்தையும் ரெண்டு தடவை போடுவாங்க. நடுவில் இருக்கிற ரெண்டு பாகமும் ஒரே தடவைதான். பரீட்சையை விடுங்க, ஆஸ்பத்திரி வார்டில் நைட் ஷிஃப்ட்டில் போன் அடிச்சா, அந்தப் பக்கம் பேசறவர் கீழே எழுத்து போட மாட்டார்.

முதலில் “எல்லாம் புரியுது” என்பதைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம். சப்டைட்டில் இருக்கும்போது உங்களுக்குப் புரிவது மூணு வழியில் வருது: படம், எழுத்து, காது. இதில் காதுதான் மெதுவான ஆள். எழுத்து பெரும்பாலும் பேச்சுக்கு முன்னாடியே திரையில் வந்துடும். நீங்க படிச்சு முடிச்ச பிறகு அந்த வார்த்தையைக் கேட்கிறீங்க, “ஆமா, கேட்டுச்சே” என்று தோணுது. உண்மையில் காது தேடிக் கண்டுபிடிக்கவில்லை, ஏற்கெனவே தெரிஞ்ச பதிலைச் சரிபார்த்தது, அவ்வளவுதான்.

இதைத் தெரிஞ்சுக்க ஒரு சின்னச் சோதனை. நேத்து பார்த்து “புரிஞ்ச” வீடியோவில், நீங்க இன்னும் பார்க்காத அடுத்த ஒரு நிமிஷத்தை எடுங்க. போனைக் குப்புற வைச்சிட்டு ஒலியை மட்டும் கேளுங்க. யார் பேசறாங்க, எங்கே இருக்காங்க, ஒருத்தர்கிட்ட மத்தவர் என்ன கேட்கிறார், இந்த மூணையும் தமிழிலேயே சொல்லிப் பாருங்க. சொல்ல வரலைன்னா நேத்து நடந்தது வாசிப்புப் பயிற்சி. வாசிப்பு நல்ல விஷயம்தான், ஆனா ஹோரனுக்கு அதிகம் உதவாது.

சரி, எந்த வீடியோவை எடுக்கணும்? அதே ஒரு நிமிஷத்தை வைச்சே லெவலையும் பார்த்துடலாம். இயல்பான பேச்சில் ஒரு நிமிஷத்துக்கு ஏறக்குறைய 150 வார்த்தை வரும். கேட்டு முடிச்சதும் அந்தப் பகுதியின் எழுத்து வடிவத்தை எடுத்து, சுத்தமாத் தெரியாத வார்த்தைகளுக்கு அடிக்கோடு போடுங்க. ஏழெட்டைத் தாண்டினா அந்த வீடியோ இப்போதைக்கு வேண்டாம். தெரியாத வார்த்தையை எத்தனை தடவை கேட்டாலும் அது தெரியாத வார்த்தைதான். எழுத்தில் பார்த்தா அஞ்சுக்குள்ளேதான் தெரியாதது, ஆனா காதில் பாதி விழவே இல்லை என்றால், அதுதான் உங்க வீடியோ. எழுத்தும் தெரியுது, காதிலும் எல்லாம் விழுதுன்னா அதை பஸ்ஸில் கேட்க வைச்சுக்கலாம்.

இப்போ பெயர்கள். Nicos Weg, டாய்ச்ச வெல்ல நிறுவனம் இலவசமாகத் தரும் தொடர். ஸ்பெயினிலிருந்து வந்து இறங்கின ஒரு பையன் விமான நிலையத்திலேயே பையைத் தொலைச்சிடுறான், அங்கிருந்து கதை போகும். ஏ1, ஏ2, பி1 என்று லெவல் பிரிச்சு, சின்னச் சின்னப் பகுதிகளாக, பேசும் வசனம் எழுத்திலும் கிடைக்கும். ஏ2 முடியும் வரை இதைவிட வசதியான ஒண்ணை நான் பார்த்ததில்லை. கதை கொஞ்சம் சவசவன்னு போகும், அதைப் பொறுத்துக்கணும்.

அடுத்து Easy German. தெருவில் போறவங்களை நிறுத்திப் பேட்டி எடுக்கும் யூட்யூப் சேனல். நிஜப் பேச்சு, நிஜ வேகம், பி1-க்கு அருமை. ஒரே சிக்கல், சப்டைட்டில் வீடியோவிலேயே பதிஞ்சிருக்கும், அணைக்க முடியாது. மேலே ஜெர்மன், கீழே ஆங்கிலம். ஆங்கிலம் கண்ணில் பட்டா மூளை அங்கேதான் போகும், நம்ம ஊரில் ஆங்கில மீடியத்தில் படிச்சவங்களுக்குக் கேட்கவே வேண்டாம். லேப்டாப்பில் பார்க்கிறதா இருந்தா ஒரு அட்டையை வெட்டி திரையின் அடியில் ஒட்டுங்க. முதல் தடவை ரெண்டு வரியையும் மறைங்க, ரெண்டாவது தடவை ஜெர்மன் வரியை மட்டும் திறங்க. சிரிப்பா இருக்கலாம், ஆனா வேலை செய்யும்.

டாய்ச்ச வெல்லவிலேயே மெதுவாக வாசிக்கும் செய்தி ஒண்ணு இருக்கு, Langsam gesprochene Nachrichten. நிறைய பேர் “மெதுவா இருக்கே, ஆரம்பிக்கிறவங்களுக்கு நல்லது” என்று ஏ2-விலேயே தொடங்கிடுறாங்க. மெதுவா இருக்கு என்பதால் சுலபம்னு ஆகாது. வேகம்தான் குறைச்சிருக்கு, வாக்கியங்கள் அப்படியே பத்திரிகை வாக்கியங்கள். நாடாளுமன்றம், பொருளாதாரத் தடை என்று போகும். அதோட, ஒவ்வொரு எழுத்தையும் தெளிவா உச்சரிப்பாங்க. தெருவில் உங்களைத் திணறடிக்கப் போறது வார்த்தைகளை விழுங்கிப் பேசுற பேச்சு, அது இந்தச் செய்தியில் இருக்காது. பி2-க்குப் போன பிறகு வைச்சுக்குங்க.

நெட்ஃபிளிக்ஸ் பற்றி ஒரு வார்த்தை. கொரியன் தொடரையோ ஆங்கிலத் தொடரையோ ஜெர்மன் டப்பிங்கில் போட்டு ஜெர்மன் சப்டைட்டிலும் போட்டா, பல சமயம் ரெண்டும் ஒத்துப் போகாது. டப்பிங் வசனத்தை உதட்டசைவுக்கு ஏத்த மாதிரி ஒருத்தர் எழுதியிருப்பார். சப்டைட்டிலை மூல மொழியிலிருந்து வேறொருத்தர் சுருக்கி எழுதியிருப்பார். காதில் ஒண்ணு, கண்ணில் ஒண்ணு. ஜெர்மன் மொழியிலேயே எடுத்த தொடர்களைத் தேர்ந்தெடுங்க, சப்டைட்டில் பட்டியலில் CC என்று போட்டிருப்பதை எடுங்க. அது பேச்சுக்குப் பெரும்பாலும் நெருக்கமா இருக்கும்.

இனி முக்கியமான பகுதி. சரியான லெவல் வீடியோ கிடைச்சாச்சு, அதை என்ன பண்றது? ரெண்டு நிமிஷம் மட்டும் எடுங்க. அதுக்கு 20 நிமிஷம் ஒதுக்குங்க. நான் இப்போ மூணு வரி உரையாடலை நானே எழுதி, அதை வைச்சுக் காட்டுறேன். ரெண்டு நண்பர்கள் போனில் பேசுறாங்க.

“ஹஸ்ட் டூ மோர்கன் ட்ஸைட்?” நாளைக்கு நேரம் இருக்கா?

“மோர்கன் ஹாபன் வீர் பெஸூக். இஷ் ரூஃப டிஷ் நாக்ஹேர் நொக்மால் ஆன்.” நாளைக்கு வீட்டுக்கு ஆள் வர்றாங்க. அப்புறம் உன்னைத் திரும்பக் கூப்பிடுறேன்.

“ஸாக் மீர் பெஷைட், வென் டூ எஸ் நிஷ்ட் ஷாஃப்ஸ்ட்.” முடியலைன்னா எனக்குத் தகவல் சொல்லு.

புத்தகத்தில் இப்படி. வாயிலிருந்து வரும்போது “ஹஸ்டே மோர்கன் ட்ஸைட்”, “மோர்கன் ஹம்வா பெஸூக்”, “வென் டூஸ் நிஷ் ஷாஃப்ஸ்ட்” என்று வரும். எழுத்தைப் பார்க்காமல் கேட்டு, காதில் விழுந்ததைப் பேப்பரில் எழுதுங்க. விழாத இடத்தில் கோடு போடுங்க. மூணு தடவைக்கு மேல் கேட்க வேண்டாம். பிறகு எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டுப் பாருங்க.

ஒரு ஏ2 மாணவரின் பேப்பரில் மூணு கோடு இருக்குன்னு வைச்சுக்குவோம். மூணும் கோடுதான், ஆனா காரணம் மூணும் வேற வேற.

முதல் கோடு, “ஹம்வா”. ஹாபன், வீர் ரெண்டுமே முதல் வாரத்தில் படிச்ச வார்த்தைகள். அவருக்குத் தெரியாதது அதன் ஒலி. தமிழை யோசிங்க. “என்ன செய்துகொண்டிருக்கிறாய்” என்று படிச்ச ஒரு வெளிநாட்டுக்காரர் “என்ன பண்ணிட்டிருக்க”-வைக் கேட்டா எப்படி முழிப்பார்? அதே கதை. இதுக்கு அகராதி உதவாது. அந்த மூணு செகண்டை மட்டும் பத்துத் தடவை ஓடவிட்டு, பேசறவர் கூடவே சேர்ந்து நீங்களும் சொல்லணும், அவர் விழுங்குற இடத்தில் நீங்களும் விழுங்கணும். வாய்க்குப் பழகின ஒலியைக் காது சீக்கிரம் பிடிக்கும்.

ரெண்டாவது கோடு, கடைசியில் வந்த “ஆன்”. அவர் “ரூஃப்” கேட்டார், “கத்துறான் போல” என்று நினைச்சிட்டார். ஆன்ரூஃபன் என்றால் போன் பண்றது. அந்த வினைச்சொல் ரெண்டாப் பிரிஞ்சு, ஒரு துண்டு வாக்கியத்தின் கடைசிக்குப் போயிடும். ஒலியும் கேட்டது, வார்த்தையும் தெரியும், ஆனா ரெண்டையும் சேர்க்கலை. இங்கே பயிற்சி என்னன்னா, வாக்கியம் முடியும் வரை அர்த்தத்தை முடிவு பண்ணாமல் காத்திருப்பது. தமிழில் வினை கடைசியில்தான் வரும், அதனால் காத்திருக்கிறது நமக்குப் புதுசு இல்லை. ஜெர்மனை மனசுக்குள் ஆங்கிலமாக்கிக் கேட்கிறவங்கதான் அவசரப்படுறாங்க.

மூணாவது, “பெஷைட்”. இது உண்மையாகவே தெரியாத சொல். இதை மட்டும் நோட்டில் எழுதுங்க, ஆனா தனிச் சொல்லா எழுதாம, “ஸாக் மீர் பெஷைட்” என்று முழுசா எழுதுங்க. அது பேச்சில் எப்பவும் கூட்டாளியோடுதான் வரும்.

கடைசியா ஒரு தடவை, எழுத்தை மூடிட்டு முழு ரெண்டு நிமிஷத்தையும் கேளுங்க. கோடு போட்ட இடங்கள் இப்போ காதில் விழுதான்னு பாருங்க. ரெண்டு நாள் கழிச்சு இன்னொரு தடவை கேளுங்க. அன்னிக்கும் விழுந்தாதான் கணக்கு.

ரெண்டு வாரம் இப்படிச் செஞ்சா பேப்பர்கள் சேரும். அதை வரிசையா வைச்சு, எந்த வகைக் கோடு அதிகம்னு எண்ணிப் பாருங்க. முதல் வகை அதிகம்னா லெவலை மாத்தாதீங்க, அதே சேனலில் இருங்க, ஒரே ஆட்களின் குரலைத் தொடர்ந்து கேளுங்க. மூணாவது வகை அதிகம்னா வீடியோ உங்களுக்குக் கஷ்டம், ஒரு படி இறங்குங்க. ரெண்டாவது வகை அதிகம்னா வீடியோவில் பிரச்சினை இல்லை, இலக்கணப் புத்தகத்தில் பிரியும் வினைச்சொற்கள் பகுதிக்கு ஒரு வாரம் போயிட்டு வாங்க.

இதில் ஒரு வரம்பும் உண்டு. இந்த 20 நிமிஷ வேலை களைப்பாக்கும், வாரத்துக்கு நாலு நாளுக்கு மேல் யாரும் தாக்குப் பிடிக்கிறதை நான் பார்க்கலை. மத்த நாளில் சப்டைட்டிலோடு சாய்ஞ்சு உட்கார்ந்து தொடர் பாருங்க, தப்பே இல்லை. அதைப் பயிற்சிக் கணக்கில் மட்டும் எழுதாதீங்க.

பாட்காஸ்ட்டில் எழுத்து வடிவம் இல்லாததை என்ன செய்வதுன்னு சிலர் கேட்டிருந்தாங்க. கோடு போட்டுச் சரிபார்க்க முடியாததால், இந்த முறைக்கு அது ஒத்து வராது. யூட்யூபில் தானாக உருவாகும் சப்டைட்டிலை நம்பியும் சரிபார்க்காதீங்க, விழுங்கின இடங்களில் அதுவும் தடுமாறும், சில சமயம் நீங்க சரியாக் கேட்டதை அது தப்பாகக் காட்டும். எழுத்து வடிவத்தோடு வரும் ஒண்ணை வேலைக்கு வைச்சுக்குங்க, மத்ததைச் சமையல் பண்ணும்போது கேளுங்க. உங்க பேப்பரில் எந்தக் கோடு அதிகம்னு எண்ணிட்டு மெயில் பண்ணுங்க, அடுத்த எபிசோடில் அதை எடுத்துப் பேசுவோம்.