மொத்தத்தைக் கடைசியில் பாருங்கள்

ஆடிட்டர் போட்டுத் தந்த வருமான வரிக் கணக்கைச் சரிபார்க்க உட்காருபவர், முதலில் அந்தத் தாளை மடித்து ஓரமாக வைத்துவிட வேண்டும். அதிலுள்ள எண்ணைப் பார்த்துவிட்டால் நம் கணக்கும் தானாகவே அதை நோக்கி நகரும். பென்ஷன் சான்று, வங்கியின் வட்டிச் சான்று, சொத்து வரி ரசீது, வருமான வரித் தளத்தில் கிடைக்கும் 26ஏஎஸ், ஏஐஎஸ் ஆகிய ஆவணங்களிலிருந்து ஒவ்வொரு வருமானத் தலைப்பையும் நாமே புதிதாகப் போட வேண்டும். அவருடைய தாளைப் பிரிப்பது அதற்குப் பிறகுதான்.

ஓர் உதாரணம். 67 வயதான ஓய்வுபெற்ற ஆசிரியர், 2024-25 நிதியாண்டு, கணக்கு பழைய வரிமுறையில். பென்ஷன் 6,60,000 ரூபாய். பென்ஷன் ‘சம்பளம்’ என்ற தலைப்பில் வரும் என்பதால் நிலையான கழிவு 50,000 போக 6,10,000. ஆடிட்டரும் அதையேதான் எழுதியிருக்கிறார்.

அடுத்தது வீட்டு வாடகை. ஆண்டுக்கு 1,80,000 வந்தது. சொத்து வரி 10,000 கட்டினார். சட்டப்படி முதலில் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில்தான் 30 சதவீதம் கழிக்க வேண்டும். 1,70,000-இல் 51,000 போக 1,19,000 வருகிறது. ஆடிட்டரின் தாளில் 1,16,000. மூவாயிரம் ரூபாய் வித்தியாசம் எங்கிருந்து வந்தது? சொத்து வரி பத்தாயிரத்தில் 30 சதவீதம் சரியாக மூவாயிரம். முழு வாடகைக்கே 30 சதவீதம் கழித்துவிட்டு, சொத்து வரியைத் தனியாகவும் கழித்திருக்கிறார். தலைப்புவாரியாக ஒப்பிட்டால் இப்படி வித்தியாசத் தொகையே பிழையின் இடத்தைச் சொல்லிவிடும்.

வட்டியிலும் அதேதான். டெபாசிட் வட்டி 1,20,000. அதில் வங்கி 12,000 டி.டி.எஸ். பிடித்து, 1,08,000-ஐக் கணக்கில் வரவு வைத்தது. சேமிப்புக் கணக்கு வட்டி 9,000. மொத்தம் 1,29,000 வர வேண்டும். ஆடிட்டரிடம் 1,17,000தான் இருக்கிறது. குறைவது டி.டி.எஸ். தொகைக்குச் சமம். பாஸ்புக்கில் வந்த தொகையையே வட்டி என்று எடுத்திருக்கிறார். ஆனால் பிடித்த வரியும் நம் வருமானம்தான். அதைச் சேர்த்துக் காட்டிய பிறகே கட்டிய வரியாக உரிமை கோர முடியும். இந்தப் பிழையை விட்டுவிடவே கூடாது. 26ஏஎஸ்-இல் முழு வட்டியும் இருப்பதால் வரித் துறை எளிதில் கண்டுபிடித்துவிடும்.

இனி வருமானத்திலிருந்து கிடைக்கும் கழிவுகள். 80சி-யில் ஒரு லட்சம். இருவர் கணக்கிலும் ஒன்றே. வட்டிக் கழிவில்தான் பெரிய சறுக்கல். 60 வயதைத் தாண்டியவருக்கு 80டிடிபி பிரிவில் டெபாசிட், சேமிப்பு இரண்டின் வட்டிக்கும் சேர்த்து 50,000 வரை கழிவு உண்டு. ஆடிட்டரோ மற்றவர்களுக்கான 80டிடிஏ பிரிவில், சேமிப்பு வட்டி 9,000-ஐ மட்டும் கழித்திருக்கிறார். ஆசிரியருக்கு 41,000 ரூபாய்க் கழிவு நழுவிவிட்டது.

இப்போது மொத்தத்தைப் பார்க்கலாம். வரிக்குரிய வருமானம் நம் கணக்கில் 7,08,000. ஆடிட்டர் கணக்கில் 7,34,000. இந்த இரண்டு எண்களை மட்டும் ஒப்பிட்டிருந்தால், அவர் வருமானத்தை 26,000 கூட்டிக் காட்டிவிட்டார் என்றுதான் நினைத்திருப்போம். உண்மையில் வருமானத்தை 15,000 குறைத்திருக்கிறார். கழிவை 41,000 தவறவிட்டிருக்கிறார். எதிரெதிர் திசையிலான பிழைகள் ஒன்றையொன்று மறைக்கும். அவை சமமாக இருந்திருந்தால் மொத்தம் ஒத்துப்போய், எந்தச் சந்தேகமும் எழுந்திருக்காது. அதனால்தான் தலைப்புக்குத் தலைப்பு வித்தியாசம் எழுதாமல் மொத்தத்தைத் தொடக்கூடாது என்கிறேன்.

வரியையும் கையால் போட்டுப் பார்த்துவிட வேண்டும். மூத்த குடிமகனுக்கு மூன்று லட்சம் வரை வரி இல்லை. அடுத்த இரண்டு லட்சத்துக்கு 5 சதவீதம் 10,000. மீதி 2,08,000-க்கு 20 சதவீதம் 41,600. நான்கு சதவீத செஸ் சேர்த்து, பத்தின் மடங்காக்கினால் 53,660 ரூபாய். ஆடிட்டர் காட்டியது 59,070.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. போட்ட கணக்கு சரியா என்று அது சொல்லும். வேறு வழியில் போட்டிருக்கலாமா என்று சொல்லாது. இதே ஆசிரியருக்குப் புதிய வரிமுறையில் 80சி, 80டிடிபி இரண்டும் கிடையாது. ஆனால் நிலையான கழிவு 75,000. வாடகைக்கான 30 சதவீதமும் உண்டு. வருமானம் 8,33,000 என்று கூடினாலும் அந்த ஆண்டின் விகிதங்களில் வரி, செஸ் சேர்த்து 34,630தான். தொழில் வருமானம் இல்லாதவர் உரிய தேதிக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போதே எந்த முறை என்று தேர்ந்துகொள்ளலாம். ஆகவே தலைப்புகள் எல்லாம் திருத்தப்பட்ட பிறகு, அதே எண்களை வைத்து மற்ற வரிமுறையிலும் ஒருமுறை போட்டுவிட்டே ஆடிட்டரிடம் பேசப் போக வேண்டும்.